அம்மாவின் விதவை ஓய்வூதியம்: ஆணை வந்து ஏழு மாதம், காசு வரவில்லை. மாவட்ட செயலாளருக்கு மனு எழுத உதவி வேண்டும்

வாணி_கொழும்பு | 4 ஒக்டோபர் 2025

எல்லோருக்கும் வணக்கம். அப்பா அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் ஒக்டோபர் 3ஆம் திகதி காலமானார். நேற்றோடு ஒரு வருடம். அம்மாவுக்கு வரவேண்டிய விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் இன்றுவரை ஒரு சதம் கூட வரவில்லை.

விண்ணப்பம் கொடுக்காமல் இருக்கவில்லை. ஓய்வூதியத் திணைக்களத்தில் இருந்து ஆணைக் கடிதமும் வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தில் காட்டினால் ஒரு நாள் "சிஸ்டத்துக்கு வரவில்லை" என்கிறார்கள், இன்னொரு நாள் "கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை வருத்தமும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பஸ் ஏறிப் போய், வாங்கில் இருந்து, வெறுங்கையோடு திரும்பி வருகிறார். பார்க்கவே மனம் தாங்கவில்லை.

மாவட்ட செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன், இன்னும் அனுப்பவில்லை. இரண்டு பக்கம். தொடக்கம் இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, எனது கணவர் முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த நாட்டின் பிள்ளைகளுக்கு அறிவூட்டியவர். அவரது மறைவின் பின் கடந்த பல மாதங்களாக நான் சொல்லொணாத் துயரங்களை அனுபவித்து வருகிறேன். பலமுறை அலைந்தும் எவ்விதப் பலனும் கிட்டவில்லை. தயவுகூர்ந்து உடனடி நடவடிக்கை எடுக்குமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்..."

இது போதுமா? வேறு என்ன சேர்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முரளி_தெமட்டகொட | 4 ஒக்டோபர் 2025

அக்கா, மாவட்ட செயலாளரோடு நிறுத்தாதீர்கள். ஜனாதிபதி செயலகம், பிரதமர் அலுவலகம், அமைச்சு, உங்கள் பகுதி எம்.பி. என்று பத்துப் பிரதி எடுத்து எல்லாருக்கும் ஒரே நாளில் போடுங்கள். மேலிருந்து ஒரு போன் வந்தால்தான் கீழே அசைவார்கள்.

இன்னொன்று, கடிதம் சிங்களத்தில் இருக்க வேண்டும். தமிழில் போட்டால் மொழிபெயர்ப்புக்கு என்று ஒரு மூலையில் கிடக்கும். என் மாமாவின் காணிப் பிரச்சினையில் அப்படித்தான் நடந்தது.

அம்மா இந்த வருடம் ஆயுட்சான்றிதழ் கொடுத்தாரா? வருடத் தொடக்கத்தில் ஜி.எஸ்.ஸிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்காவிட்டால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள். அதுதான் காரணமாக இருக்கும்.

சிவா_வத்தளை | 5 ஒக்டோபர் 2025

எனக்கும் இதே அனுபவம்தான் தங்கச்சி. பதினெட்டு வருடம் வேலை செய்த கம்பனியை விட்டு விலகி, கே படிவம் நிரப்பித் தொழில் திணைக்களத்தில் கொடுத்தேன். கம்பனி இரண்டு வருடக் காசைக் கட்டாமல் விட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே ஆறு மாதம் போனது. நீங்கள் நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்துக்குப் போய் அப்பாவின் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து மீதி எவ்வளவு என்று பாருங்கள். முதலாளி ஒழுங்காகக் கட்டினாரா என்பது அங்கே தெரியும்.

ஓய்ந்த_லிகிதர் | 5 ஒக்டோபர் 2025

சிவா தம்பி, நீங்கள் சொல்வது ஊழியர் சேமலாப நிதி. அது தனியார் துறைக் கதை. வாணியின் அப்பா அரசாங்க ஆசிரியர். அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு என்று கழித்திருப்பார்கள். அந்தத் திட்டம் 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கியது. தொழில் திணைக்களத்தில் இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முரளி, ஆயுட்சான்றிதழ் ஏற்கெனவே ஓய்வூதியம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உரியது. இந்த அம்மாவின் பெயர் கொடுப்பனவுப் பட்டியலில் இன்னும் ஏறவே இல்லை, ஆகையால் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. பட்டியலில் ஏறிய பிறகு அவரும் வருடாவருடம் கொடுக்க வேண்டும். அது சரி.

வாணி, நான் கொழும்புக்கு வெளியே ஒரு பிரதேச செயலகத்தில் ஓய்வூதியப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தவன். உங்கள் கடிதத்தைப் படித்தேன். அம்மாவின் கஷ்டம் உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் எடுக்கும் உத்தியோகத்தர் எந்த ஃபைலைத் தேடி எடுக்க வேண்டும் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. "கடந்த பல மாதங்களாக" என்றால் எப்போதிருந்து? "பலமுறை அலைந்தும்" என்றால் எந்தெந்த நாள், யாரிடம், என்ன பதில்? இப்படி ஒரு கடிதம் வந்தால் அதன் மேல் "பிரதேச செயலாளர், பொருத்தமான நடவடிக்கைக்கு" என்று ஒரு வரி எழுதி, நீங்கள் முறைப்பாடு செய்யும் அதே கந்தோருக்கே அனுப்பிவிடுவார்கள். அங்கே அது போய் அதே மேசையில் விழும்.

மாவட்ட செயலாளர் உங்கள் அம்மாவுக்கு ஓய்வூதியம் வழங்குபவர் அல்ல. வழங்கும் ஆணை ஓய்வூதியப் பணிப்பாளர் நாயகத்துடையது. கொடுப்பது பிரதேச செயலகம். மாவட்ட செயலாளரால் முடிந்தது, தன் கீழ் இருக்கும் பிரதேச செயலகத்திடம் "இந்த ஆணை உங்களுக்கு எப்போது கிடைத்தது, ஏன் கொடுக்கவில்லை, இத்தனையாம் திகதிக்குள் எழுத்தில் அறிக்கை தாருங்கள்" என்று கேட்பது. அவரிடம் அதைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அவர் தட்ட முடியாதபடி எழுத வேண்டும்.

ஆணைக் கடிதத்தைக் கையில் எடுங்கள். இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கடிதத்தின் திகதி என்ன? யாருக்கு முகவரியிட்டிருக்கிறது, அம்மாவுக்கா, பிரதேச செயலாளருக்கா? அடியில் "பிரதி" என்ற இடத்தில் யார் யார் பெயர் இருக்கிறது? எந்தத் திகதியில் இருந்து ஓய்வூதியம் உரியது என்று போட்டிருக்கிறது? அப்புறம் அதில் என்ன இலக்கம் இருக்கிறது? அப்பாவின் ஓய்வூதிய இலக்கம் வேறு, விதவைகள் அநாதைகள் இலக்கம் வேறு. அப்பாவின் இலக்கத்தை மட்டும் எழுதினால் அவர்கள் அவருடைய மூடிய ஃபைலில் போய் நின்றுகொண்டு, "இவர் இறந்துவிட்டார், கொடுப்பனவு நிறுத்தப்பட்டது" என்று பதில் எழுதுவார்கள். அப்படி எழுதிய பதிலை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

வாணி_கொழும்பு | 6 ஒக்டோபர் 2025

ஐயா, மிகவும் நன்றி. நேற்று இரவு அம்மாவோடு இருந்து எல்லாக் கடதாசியையும் மேசையில் பரப்பிப் பார்த்தோம்.

ஆணைக் கடிதத்தின் திகதி 12.03.2025. பிரதேச செயலாளருக்குத்தான் முகவரியிட்டிருக்கிறது. அடியில் பிரதி என்று அம்மாவின் பெயரும் முகவரியும். 04.10.2024 முதல் மாதம் 31,000 ரூபா என்று இருக்கிறது. இரண்டு இலக்கங்களும் இருக்கின்றன, நான் இவ்வளவு நாளும் அப்பாவின் இலக்கத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பம் பிரதேச செயலகத்தில் கொடுத்தது 21.10.2024. ஆணையின் பிரதி அம்மாவுக்குத் தபாலில் வந்தது 20.03.2025, உறையின் முத்திரையில் தெரிகிறது. 27.03.2025இல் அம்மாவின் வங்கிப் புத்தகத்தின் பிரதியையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொடுத்தோம். ஜூன் 4ஆம் திகதி போனபோதுதான் "சிஸ்டத்துக்கு வரவில்லை" என்றார்கள். ஓகஸ்ட் 20ஆம் திகதி "கணக்குப் பிரிவுக்கு அனுப்பியாயிற்று" என்றார்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு ஒன்றும் இல்லை. கேட்கத் தோன்றவில்லை.

அப்பாவின் வங்கிப் புத்தகத்தில் ஒன்று கவனித்தேன். அவர் 3ஆம் திகதி இறந்தார். 10ஆம் திகதி ஒக்டோபர் மாத ஓய்வூதியம் 43,400 ரூபா வந்திருக்கிறது. ஈமச் செலவுக்கு அதை எடுத்துவிட்டோம். இதைக் கடிதத்தில் சொல்ல வேண்டுமா? சொன்னால் ஏதும் பிரச்சினை வருமா என்று அம்மா பயப்படுகிறார்.

ஓய்ந்த_லிகிதர் | 6 ஒக்டோபர் 2025

சொல்லுங்கள். அம்மா பயப்பட வேண்டாம், இது நாளாந்தம் நடப்பது. மாதம் பிறந்த சில நாளில் ஒருவர் இறந்தால், இறப்பை அறிவிப்பதற்கு முன்பே அந்த மாதக் காசு போய்விடும். அதைக் குற்றமாக யாரும் பார்ப்பதில்லை. மேலதிகமாகப் போன தொகையை விதவையின் நிலுவையில் கழிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஃபைல் தேங்கி நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மேலதிகக் கொடுப்பனவைக் கணக்குப் பார்க்காமல் நிலுவையை விடுவிக்கக் கணக்குப் பிரிவு தயங்கும். கணக்குப் போட ஆளில்லை என்றால் அப்படியே கிடக்கும். நீங்களே முன்வந்து "இந்தத் தொகை வந்தது உண்மை, நிலுவையில் கழித்துக்கொள்ளச் சம்மதம்" என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சாக்கு போய்விடும்.

கணக்கை நீங்களே ஒருமுறை போட்டு வையுங்கள். அப்பாவுக்கு ஒக்டோபர் 3 வரை உரியது. மூன்று நாள். அந்த மாதத்துக்கு 31 நாள். 43,400ஐ 31ஆல் பிரித்தால் நாளுக்கு 1,400. மூன்று நாளுக்கு 4,200. மீதி 28 நாளுக்கான 39,200 ரூபாதான் மேலதிகம். முழு 43,400 அல்ல, இதைக் கவனமாக வைத்திருங்கள்.

அம்மாவுக்கு 4ஆம் திகதியில் இருந்து. ஒக்டோபரில் 28 நாள், 31,000இல் 28,000 ரூபா. அதன் பின் 2024 நவம்பர் முதல் இந்த ஒக்டோபர் வரை பன்னிரண்டு மாதம், 3,72,000. கூட்டினால் 4,00,000. அதில் 39,200 போனால் 3,60,800. இந்த ஜூலையில் ஓய்வூதியத் திருத்தமும் வந்தது, அது அம்மாவின் தொகையைத் தொட்டால் இன்னும் மாறும். ஆகவே மனுவுக்குள் "எனக்கு இவ்வளவு தாருங்கள்" என்று ஒரு எண்ணைப் போட்டு உங்களையே கட்டிக்கொள்ள வேண்டாம். "ஆணையில் குறித்த திகதியில் இருந்து உரிய நிலுவை" என்று எழுதுங்கள். கணக்குத் தாளைத் தனி இணைப்பாக வையுங்கள்.

ரிஸ்வானா_தெஹிவளை | 7 ஒக்டோபர் 2025

வாணி அக்கா, மனு போகட்டும். அதோடு தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பிரதேச செயலகத்திலேயே தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். என் தோழி ஒருத்தி இதைப் போட்டுத்தான் அவளுடைய அப்பாவின் காசை எடுத்தாள். 14 நாளில் உங்களுக்கும் காசு வந்துவிடும்.

தமிழில் எழுதுவதைப் பற்றி முரளி சொன்னதை நான் ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை இருக்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் இடத்திலும் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். கொழும்பில் நாமே சிங்களத்தில் எழுதிக்கொண்டிருந்தால் அந்த உரிமை எதற்கு?

முரளி_தெமட்டகொட | 7 ஒக்டோபர் 2025

ரிஸ்வானா, உரிமை இருப்பது எனக்கும் தெரியும். 71 வயது அம்மாவின் மருந்துக் காசைப் பணயம் வைத்து அந்த உரிமையை நிலைநாட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஓய்ந்த_லிகிதர் | 7 ஒக்டோபர் 2025

மொழி விடயத்தில் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் கந்தோரில் தமிழ்க் கடிதம் வந்தால் நான் இருந்த நாளில் அன்றே போகும், நான் லீவில் இருந்தால் காத்திருக்கும். நான் செய்யச் சொல்வது: மனு தமிழில், கையெழுத்து அதில்தான். கூடவே சிங்களத்தில் ஒரு பக்கச் சுருக்கம், திகதிகளும் இலக்கங்களும் மட்டும். பதில் தமிழில் வேண்டும் என்று மனுவில் ஒரு வரி. இது விட்டுக்கொடுப்பு என்று ரிஸ்வானா பிள்ளை சொன்னால் அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

தகவல் உரிமை விண்ணப்பம் நல்லதுதான், ஆனால் அது தகவலைத்தான் தரும், காசைத் தராது. 14 வேலை நாள் என்பது தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்வதற்கு. தருவதென்று முடிவெடுத்த பின் தகவல் கைக்கு வர இன்னும் 14 நாள் வரை எடுக்கலாம். அதில் "ஏன் தாமதம்?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் வரும். கடதாசியைக் கேளுங்கள். 12.03.2025 திகதியிட்ட ஆணை உங்கள் தபால் பதிவேட்டில் பதியப்பட்ட திகதி, அது எந்த உத்தியோகத்தருக்குக் கொடுக்கப்பட்டது, கணக்குப் பிரிவுக்கு அனுப்பிய குறிப்பின் பிரதி, அவர்கள் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தக் கடிதத்தின் பிரதி. உங்கள் தோழியின் காசு வந்ததும், இந்தக் கேள்விகள் வந்தபோது யாரோ ஃபைலைத் திறந்து பார்த்ததால்தான் இருக்கும்.

பத்துப் பேருக்குப் பிரதி போடுவது பற்றி: எல்லாருக்கும் போனால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று விடுவார்கள். பத்து இடத்தில் இருந்தும் அதே பிரதேச செயலகத்துக்குப் பத்து உறை திரும்பி வரும், அதற்குப் பத்துப் பதில் எழுதவே அந்த லிகிதரின் மாதம் முடிந்துவிடும். மாவட்ட செயலாளருக்கு மூலக் கடிதம். பிரதி பிரதேச செயலாளருக்கும் ஓய்வூதியப் பணிப்பாளர் நாயகத்துக்கும். இப்போதைக்கு அது போதும்.

இன்னொரு வேலை. ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து, ஆணை அங்கிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டதா என்று விதவைகள் அநாதைகள் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். யாருடன் கதைத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். அங்கே "அனுப்பியாயிற்று" என்றால் "சிஸ்டத்துக்கு வரவில்லை" என்ற பதில் விழுந்துவிடும்.

வாணி_கொழும்பு | 9 ஒக்டோபர் 2025

இன்று காலை 1970க்கு எடுத்தேன். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் தமிழிலேயே பதில் சொன்னார்கள். மார்ச் மாதமே ஆணை விடுவிக்கப்பட்டிருக்கிறதாம், அவர்கள் பக்கத்தில் நிலுவையாக ஒன்றும் இல்லையாம்.

மனுவைத் திரும்ப எழுதினேன். அம்மாவின் பெயரிலேயே, ஒரு பக்கத்துக்குள். பெயர், இலக்கங்களை இங்கே விட்டிருக்கிறேன். தயவுசெய்து பார்த்துத் திருத்துங்கள்.

> மாவட்ட செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கட்கு,
> மாவட்ட செயலகம், கொழும்பு.
>
> 12.03.2025 திகதிய ஆணையின்படி உரிய விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் இதுவரை வழங்கப்படாமை
> விதவைகள் அநாதைகள் இலக்கம்: ........
> கணவரின் ஓய்வூதிய இலக்கம்: ........
> எனது தேசிய அடையாள அட்டை இலக்கம்: ........
>
> ஐயா / அம்மணி,
>
> ஓய்வுபெற்ற ஆசிரியரான எனது கணவர் 03.10.2024 அன்று காலமானார். ஓய்வூதியப் பணிப்பாளர் நாயகம் தமது 12.03.2025 திகதிய ........ இலக்கக் கடிதத்தின் மூலம், 04.10.2024 முதல் எனக்கு மாதம் 31,000 ரூபா ஓய்வூதியம் வழங்குமாறு ........ பிரதேச செயலாளருக்கு அறிவித்துள்ளார். அதன் பிரதி எனக்கு 20.03.2025 அன்று கிடைத்தது. ஆணை பிறந்து ஏழு மாதங்கள் ஆகியும் எந்த மாதத்துக்குரிய கொடுப்பனவும் எனக்குக் கிடைக்கவில்லை.
>
> 21.10.2024 அன்று விண்ணப்பத்தையும், 27.03.2025 அன்று வங்கிப் புத்தகத்தினதும் அடையாள அட்டையினதும் பிரதிகளையும் மேற்படி பிரதேச செயலகத்தில் ஒப்படைத்தேன். 04.06.2025 அன்று நேரில் சென்றபோது, ஆணை கணினியில் கிடைக்கவில்லை எனக் கூறப்பட்டது. 20.08.2025 அன்று, கணக்குப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளதாகக் கூறப்பட்டது. 09.10.2025 அன்று 1970 ஊடாக விசாரித்தபோது, ஆணை மார்ச் மாதமே விடுவிக்கப்பட்டதாக ஓய்வூதியத் திணைக்களம் தெரிவித்தது. என்னிடம் மேலும் ஏதேனும் ஆவணம் தேவை என எழுத்து மூலம் இதுவரை கேட்கப்படவில்லை.
>
> எனது கணவரின் 2024 ஒக்டோபர் மாத ஓய்வூதியம் முழுமையாக 10.10.2024 அன்று அவரது கணக்குக்கு வந்தது. அதில் 04.10.2024 முதல் 31.10.2024 வரையான நாட்களுக்குரிய தொகையை எனது நிலுவையில் கழித்துக்கொள்ள இத்தால் சம்மதிக்கிறேன்.
>
> ஆகவே, மேற்படி ஆணை பிரதேச செயலகத்தில் பெறப்பட்ட திகதியையும் கொடுப்பனவு தாமதித்த காரணத்தையும் பற்றிப் பிரதேச செயலாளரிடம் அறிக்கை பெற்று, மாதாந்தக் கொடுப்பனவை ஆரம்பிக்கவும் 04.10.2024 முதலான நிலுவையை வழங்கவும் பணிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எடுக்கப்பட்ட நடவடிக்கையை எனக்குத் தமிழில் எழுத்து மூலம் அறியத் தருமாறும் வேண்டுகிறேன்.
>
> எனக்கு 71 வயது. நீரிழிவு நோய்க்கு மாதாந்தம் மருந்து எடுக்கிறேன். வேறு வருமானம் இல்லை.

ஓய்ந்த_லிகிதர் | 10 ஒக்டோபர் 2025

இதுதான் கடிதம். "ஆவணம் தேவை என எழுத்து மூலம் கேட்கப்படவில்லை" என்ற வரி மிக முக்கியமானது. அதை எந்தத் திருத்தத்திலும் எடுத்துவிடாதீர்கள். கடைசி மூன்று வரியும் அங்கேயே இருக்கட்டும். முதல் கடிதத்தின் இரண்டு பக்கத் துயரத்தை விட இந்த மூன்று வரி கனமாக இருக்கிறது.

இரண்டு திருத்தம். "04.06.2025 அன்று கூறப்பட்டது" என்ற இடத்தில், சொன்னவரின் பெயர் தெரியாவிட்டாலும் "ஓய்வூதியப் பிரிவில்" என்று சேருங்கள். அப்புறம் "04.11.2025க்கு முன்னர் பதில்" என்று ஒரு திகதி போடுங்கள். "உடனடியாக" என்ற சொல்லுக்கு நாட்காட்டியில் இடம் இல்லை.

இணைப்பாக எல்லாம் பிரதிதான். ஆணைக் கடிதத்தின் மூலத்தை எவர் கேட்டாலும் கையை விட்டு விடாதீர்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஆணையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். பிரதேச செயலாளரின் பிரதியை மட்டும் நேரில் கொண்டுபோங்கள். உங்கள் கைப் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். குத்த மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

செல்வி_மட்டக்குளி | 11 ஒக்டோபர் 2025

ஒரு சந்தேகம் கேட்கட்டுமா? ஆணையில் அம்மாவின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? என் மாமியாருக்கு இதே சிக்கல் வந்தது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்து, கலியாணத்துக்குப் பின் எடுத்த அடையாள அட்டையில் கணவர் பெயர். சிங்களத்தில் எழுதும்போது இன்னொரு மாதிரி. நம் பெண்கள் எல்லாருக்கும் இந்தக் கரைச்சல் இருக்கிறது.

வாணி_கொழும்பு | 13 ஒக்டோபர் 2025

செல்வி அக்கா, உங்கள் பதிவைப் பார்த்து உடனே எடுத்துப் பார்த்தேன். ஆணையில் அப்பாவின் பெயரோடு இருக்கிறது. வங்கிக் கணக்கு அம்மா கலியாணத்துக்கு முன் திறந்தது, தாத்தாவின் பெயரோடு இருக்கிறது. இவ்வளவு நாளும் எங்கள் கண்ணுக்கே படவில்லை.

மனு இன்று பதிவுத் தபாலில் போய்விட்டது. பிரதேச செயலகப் பிரதியில் முத்திரையும் வாங்கினேன்.

ஓய்ந்த_லிகிதர் | 13 ஒக்டோபர் 2025

செல்விக்கு நன்றி, நான் கேட்டிருக்க வேண்டியது, விட்டுவிட்டேன். இரண்டு பெயரும் ஒருவரே என்று அம்மா ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கட்டும். சமாதான நீதவானிடம் செய்யலாம். விவாகச் சான்றிதழின் பிரதியையும் சேருங்கள், அதில் இரண்டு பெயரும் ஒரே தாளில் இருக்கும். வங்கியிலும் பெயரைத் திருத்தக் கேளுங்கள். ஆனால் கணக்கு இலக்கம் மாறக் கூடாது, மாறினால் எல்லாம் முதலில் இருந்து.

வாணி_கொழும்பு | 30 ஒக்டோபர் 2025

நேற்றுப் பிரதேச செயலகத்தில் இருந்து போன் வந்தது. மாவட்ட செயலகத்தில் இருந்து அறிக்கை கேட்டிருக்கிறார்களாம். காரணம் செல்வி அக்கா சொன்னதேதான். ஏப்ரலில் கணக்குப் பிரிவு பெயர் பொருந்தவில்லை என்று ஃபைலைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஓய்வூதியப் பிரிவில் இருந்தவர் இடமாற்றத்தில் போய்விட்டார். எங்களுக்கு அறிவிக்க வேண்டிய கடிதம் எழுதப்படவே இல்லை. ஓகஸ்ட் 20ஆம் திகதி "கணக்குப் பிரிவில் இருக்கிறது" என்று சொன்னபோது ஃபைல் அங்கே இருக்கவில்லை.

சத்தியக் கடதாசியையும் விவாகச் சான்றிதழ்ப் பிரதியையும் இன்று கொடுத்து, முத்திரை வாங்கிவிட்டோம். புதிதாக வந்திருக்கும் தங்கச்சி நல்ல மாதிரி. அம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார்.

முரளி_தெமட்டகொட | 30 ஒக்டோபர் 2025

சந்தோஷம் அக்கா. ஒரு வருடம் தாமதித்ததற்கு வட்டி கேட்க முடியாதா?

ஓய்ந்த_லிகிதர் | 31 ஒக்டோபர் 2025

நான் இருந்த பதினோரு வருடத்தில் நிலுவைக்கு வட்டி கொடுத்து ஒரு ஃபைலைக்கூடப் பார்த்ததில்லை முரளி. கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிஸ்வானா_தெஹிவளை | 31 ஒக்டோபர் 2025

கேட்காமல் விடுவதால்தான் இல்லை என்று ஆகிறது ஐயா. ஃபைல் திரும்பி வந்ததை ஆறு மாதம் அறிவிக்காமல் விட்டது சின்னத் தவறு இல்லை. குறைகேள் அதிகாரிக்கு இதை எழுதலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். காசு வந்ததோடு விடக் கூடாது.

வாணி_கொழும்பு | 12 நவம்பர் 2025

நவம்பர் மாதத்துக்கான 31,000 ரூபா அம்மாவின் கணக்குக்கு வந்துவிட்டது. அம்மா வங்கிப் புத்தகத்தை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

நிலுவை இன்னும் வரவில்லை. கணக்குத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். அதில் மேலதிகக் கொடுப்பனவு என்று முழு 43,400ஐயும் கழித்திருக்கிறார்கள். ஐயா சொன்ன அதே இடம். அப்பாவுக்கு உரிய மூன்று நாள் 4,200 ரூபா. இன்று இரவு அதற்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், இந்த முறை பிரதேச செயலாளருக்கு மட்டும். இறப்புச் சான்றிதழின் பிரதியை இணைத்து, திகதியைத் தலைப்பிலேயே போட்டிருக்கிறேன். நாளை காலை இங்கே போடுகிறேன் ஐயா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.